வாக் ஓவர் கொடுத்து அரையிறுதிக்குப் போன அணி

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் ஏரித் தண்ணீர் வற்றினதும் ஏரிக்குள்ளேயே பிட்ச் போட்டு நடத்துகிற டென்னிஸ் பால் டோர்னமெண்டுகளில் நான் பல வருஷமாக ஸ்கோர் எழுதிக்கொண்டு இருக்கிறேன். விதியில் இருக்கிற ஓட்டையைப் பயன்படுத்தி ஜெயிப்பது கேவலமா, இல்லை அதுவும் ஒரு புத்திசாலித்தனம்தானா என்று யாராவது கேட்டால் நான் தோனியையோ கோலியையோ இழுத்துப் பேசமாட்டேன், எங்கள் ஏரியில் நடந்த ஒரு லீக் ஆட்டத்தைத்தான் சொல்வேன். அதில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை, அம்பயர் தப்பான முடிவு எதுவும் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு அணி அநியாயமாக வெளியே போனது. எப்படிப் போனது என்று கணக்கோடு பார்த்தால்தான் தப்பு எங்கே இருக்கிறது என்பது புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அணிகளின் பெயர் வேண்டாம், சட்டை நிறத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு பிரிவில் நான்கு அணி: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஆட்டத்துக்கு 8 ஓவர். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்று அணிகளோடும் ஒரு முறை ஆடும், ஜெயித்தால் 2 புள்ளி, முதல் இரண்டு இடத்துக்கு வருகிற அணிகள் அரையிறுதிக்குப் போகும். புள்ளி சமமாக இருந்தால் ரன் ரேட் பார்க்கப்படும். ஊரில் நடக்கும் டோர்னமெண்டில் பெரும்பாலும் நேரடியாக நாக் அவுட்தான் வைப்பார்கள், தோற்றால் கிளம்பு என்கிற கணக்கு. ஆனால் ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பசங்கள் என்ட்ரி ஃபீஸ் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்து, ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் கமிட்டி அந்த வருஷம் லீக் முறைக்கு மாறியது. நல்ல எண்ணம்தான். ஆனால் லீக் என்று வந்தவுடன் ரன் ரேட் வரும், ரன் ரேட் வந்தவுடன் களத்தில் இல்லாத மூன்றாவது அணி ஒன்றும் ஒவ்வொரு ஆட்டத்துக்குள்ளும் வந்துவிடும். நாக் அவுட்டில் அந்தச் சிக்கலே கிடையாது.

நோட்டீஸில் பதினொன்றோ பன்னிரண்டோ விதிகள் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று: வாக் ஓவர் கொடுத்தால், அதாவது ஆடாமலேயே ஆட்டத்தை விட்டுக் கொடுத்தால், எதிரணிக்கு 2 புள்ளி, அந்த ஆட்டம் ரன் ரேட் கணக்கில் சேராது. இந்த விதி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு அணி ஆள் சேராமலோ, வண்டி கிடைக்காமலோ வராமல் போனால், வந்து காத்திருந்த அணிக்கு எத்தனை ரன் வித்தியாசம் என்று போடுவது? எதைப் போட்டாலும் மற்ற அணிகள் சண்டைக்கு வரும். அதனால் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மைதானத்துக்கே வராத அணியை மனதில் வைத்து எழுதிய விதி அது. பாதி ஆட்டத்தில் ஒருவன் வந்து வாக் ஓவர் கொடுப்பான் என்று எழுதியவர்கள் யாரும் நினைக்கவில்லை.

கடைசி லீக் ஆட்டம் சிவப்புக்கும் நீலத்துக்கும். அதற்குள் மஞ்சளும் பச்சையும் தங்களுடைய மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டன. சிவப்பு அதுவரை இரண்டையும் ஜெயித்து 4 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தது. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 2 புள்ளி. நீலம் மஞ்சளை ஜெயித்திருந்தது, மஞ்சள் பச்சையை ஜெயித்திருந்தது, பச்சை நீலத்தை ஜெயித்திருந்தது. நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் வட்டமாகச் சுற்றி வருமே தவிர முடிவு வராது. ஆக, நீலம் கடைசி ஆட்டத்தில் தோற்றால் ரன் ரேட்தான் தீர்மானிக்கும்.

ரன் ரேட் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் எல்லா ஆட்டத்திலும் சேர்த்து ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் எடுத்தோமோ அதிலிருந்து, ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தோமோ அதைக் கழிக்க வேண்டும். ஐந்தாவது ஓவரிலேயே ஆல் அவுட் ஆனாலும் 8 ஓவரும் ஆடியதாகத்தான் வகுக்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் மூன்று ஆட்டத்தில் 24 ஓவருக்கு 214 ரன் எடுத்து 210 கொடுத்திருந்தது. வித்தியாசம் 4, அதை 24-ஆல் வகுத்தால் கூட்டல் 0.17. பச்சை எடுத்தது 179, கொடுத்தது 225, அது கழித்தலில் போய்விட்டதால் போட்டியில் இல்லை. நீலம் இரண்டு ஆட்டத்தில் 16 ஓவருக்கு 158 எடுத்து 138 கொடுத்திருந்தது. வித்தியாசம் 20, ரன் ரேட் கூட்டல் 1.25. மஞ்சளைவிட நல்ல உயரம்.

சிவப்பு முதலில் ஆடி 8 ஓவரில் 92 அடித்துவிட்டது. இப்போது நீலத்துக்கு 93 எடுத்தால் வெற்றி. தோற்றாலும் 77 எடுத்தால் போதும், மஞ்சளைத் தாண்டி இரண்டாம் இடம் கிடைத்துவிடும். இந்த 77 என்கிற எண்ணை நீல அணி கேப்டன் இடைவேளையில் என்னிடம் வந்து கேட்டான், நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். ஸ்கோர் எழுதுகிறவன் எந்த அணி கேட்டாலும் சொல்லத்தான் வேண்டும், அதே எண்ணைச் சிவப்பு அணியிடமும் கரையில் உட்கார்ந்திருந்த மஞ்சள் அணியிடமும் சொன்னேன். இப்போதெல்லாம் அதைக்கூட வாயால் சொல்வதில்லை, ஒரு அட்டையில் பெரிதாக எழுதி கமிட்டி மேஜை முன்னால் மாட்டிவிடுகிறோம், யாரிடம் ரகசியமாகச் சொன்னாய் என்கிற பேச்சே வராது.

நீலம் ஆட ஆரம்பித்தது. பந்து தாழ்வாக வந்தது, ஏரி மண் வெடித்திருந்த இடத்தில் பட்டால் உருண்டே போனது. ஐந்து ஓவர் முடிந்தபோது 27 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்று ஓவரில் இன்னும் 50 எடுத்தால்தான் அந்த 77 வரும். நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மஞ்சள் அணிப் பசங்கள் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள், அவர்களில் இரண்டு பேர் மறுநாள் அரையிறுதிக்காக கம்பெனிக்குப் போன் பண்ணி லீவும் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் நீல அணி கேப்டன் உள்ளே வந்தான். அம்பயரைப் பார்த்து, “அண்ணா, நாங்க வாக் ஓவர் குடுத்துடுறோம், மேட்ச் அவங்களுக்கே” என்றான்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. சிவப்பு அணிக்காரர்கள் கை கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள், அவர்களுக்கு 2 புள்ளி கிடைத்தது, வெயிலும் மிச்சம். அப்புறம் ஒருவன் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினான். ஆட்டம் ரன் ரேட்டில் சேராது என்றால் நீலத்தின் ரன் ரேட் 1.25-லேயே நின்றுவிடும். மஞ்சள் வெளியே. அந்த மூன்று ஓவரையும் ஆடி, 45-க்கு ஆல் அவுட் ஆகியிருந்தால்கூட நீலத்தின் ரன் ரேட் கழித்தல் 1.13-க்கு விழுந்திருக்கும். ஆடினால் வெளியே போக வேண்டிய அணி, ஆடாமல் விட்டதால் உள்ளே வந்தது.

கமிட்டி மேஜையைச் சுற்றி இருட்டும்வரை சத்தம். நீல அணி கேப்டன் தக்காளி மண்டியில் வேலை பார்க்கிற பையன், எனக்கு நன்றாகத் தெரியும், ஏமாற்றுக்காரன் இல்லை. அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: “நோட்டீஸ்ல இருக்கறதத்தானே செஞ்சோம்? இல்லாததச் செஞ்சிருந்தா சொல்லுங்க.” மஞ்சள் அணி கேப்டன் அவனைவிட அமைதியாகத்தான் பேசினான், ஆனால் எனக்கு இன்றும் மறக்காமல் இருப்பது அவன் சொன்னதுதான். “எங்களை அடிச்சு ஜெயிச்சிருந்தா பேசாம போயிருப்போம்ணா. நாங்க பேட் புடிக்க முடியாத மேட்ச்ல எங்கள வெளிய அனுப்பிட்டாங்க.”

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் தெளிவானது. விதிக்குள் செய்கிற தந்திரங்களை எல்லாம் ஒரே கூடையில் போடக்கூடாது. எதிரே நிற்கிறவனோடு மோதுகிற தந்திரம் ஒன்று இருக்கிறது, அதற்கு அவன் களத்திலேயே பதில் சொல்ல முடியும். மோதலையே நிறுத்திவிட்டு லாபம் பார்க்கிற தந்திரம் வேறு ஒன்று, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, குறிப்பாக அதனால் பாதிக்கப்படுகிறவன் களத்திலேயே இருக்கமாட்டான். முதல் வகையில் நான் எந்தக் கேவலத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது வகை கேவலம்தான், நோட்டீஸில் அச்சடித்து இருந்தாலும்.

முதல் வகைக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் நான்-ஸ்ட்ரைக்கர் ரன் அவுட். 1947-ல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை அப்படி அவுட் செய்ததிலிருந்து அவர் பெயரையே அதற்கு வைத்துத் திட்டிக்கொண்டு இருக்கிறார்கள். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம்ம அஸ்வின் ஜாஸ் பட்லரை 69 ரன்னில் அதே முறையில் அனுப்பியபோது எத்தனை பேர் அவரை ஒழுக்கமில்லாதவர் என்று சொன்னார்கள் என்பது ஞாபகம் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், பந்து கையை விட்டுப் போகும் முன்பே இரண்டு அடி வெளியே போய் நிற்பவன்தான் இலவசமாக லாபம் எடுக்கிறான். பதில் அவனிடமே இருக்கிறது, பேட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பந்து போன பிறகு கிளம்பினால் யாராலும் அவனை அவுட்டாக்க முடியாது. கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்.சி.சி. 2022 அக்டோபரிலிருந்து இதை முறையற்ற ஆட்டம் என்கிற 41-ஆவது விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட்டுக்கான 38-ஆவது விதிக்குள்ளேயே வைத்துவிட்டது. ஆனால் நம் ஊர் நோட்டீஸ்களில் பாதியில் இன்னமும் “மன்கட் கிடையாது” என்று போடுகிறார்கள். அப்படிப் போட்ட டோர்னமெண்டில் நான் பார்த்திருக்கிறேன், கடைசி ஓவரில் நான்-ஸ்ட்ரைக்கர் பாதி பிட்ச் வரைக்கும் வந்து நிற்பான், பவுலர் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு ரன் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றரை ரன்தான் ஓடுகிறான். மரியாதை என்ற பெயரில் போட்ட அந்தத் தடைதான் அங்கே ஓட்டை.

இரண்டாவது வகைக்குத் திரும்புகிறேன். எங்கள் ஏரியில் நடந்தது புதிது இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1979 மே 24-ஆம் தேதி இங்கிலாந்தில் உஸ்டர் மைதானத்தில், பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பை லீக் ஆட்டத்தில் சோமர்செட் அணி உஸ்டர்ஷயரோடு ஆடியது. அந்தப் போட்டியில் புள்ளி சமமானால் எந்த அணியின் பவுலர்கள் குறைந்த பந்தில் விக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சோமர்செட் அதில் நல்ல நிலையில் இருந்தது, மோசமாகத் தோற்றால் மட்டும்தான் அது கெடும். கேப்டன் பிரையன் ரோஸ் டாஸ் ஜெயித்துப் பேட்டிங் எடுத்தார், ஒரே ஒரு ஓவர் ஆடினார்கள், நோ பாலில் வந்த ஒரு ரன்தான் ஸ்கோர், உடனே இவ்வளவு ரன் போதும் என்று பேட்டிங்கை முடித்து டிக்ளேர் செய்துவிட்டார். உஸ்டர்ஷயர் பத்துப் பந்தில் 2 ரன் எடுத்து ஜெயித்தது. தோற்ற சோமர்செட் காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஒரு நாள் ஆட்டத்தில் டிக்ளேர் செய்யக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அங்கே கிரிக்கெட் வாரியம் கூடி, விதி மீறப்படவில்லை என்று தெரிந்தே சோமர்செட்டைப் போட்டியிலிருந்து நீக்கியது. அவர்களுடைய இடம் கிளாமர்கனுக்குப் போனது. ஒரு நாள் போட்டிகளில் டிக்ளேர் செய்வதும் அதற்குப் பிறகு தடை செய்யப்பட்டது. இதில் நான் கவனிக்கிற விஷயம், சோமர்செட் அப்போது பலவீனமான அணி இல்லை. விவியன் ரிச்சர்ட்ஸும் போத்தமும் இருந்த அணி. அதே 1979-ல் வேறு இரண்டு கோப்பைகளை ஆடியே ஜெயித்தார்கள். எங்கள் நீல அணியும் அப்படித்தான், அரையிறுதியில் நன்றாக ஆடி ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பரிசு வாங்கினார்கள். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம், 27-க்கு 6 என்றாலும் மீதி மூன்று ஓவரில் சிக்ஸருக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் கமிட்டி நீல அணியை நீக்கவில்லை. இதில் கமிட்டி செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன், மஞ்சள் அணிக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். சோமர்செட்டை நீக்கிய வாரியம் நிதானமாகக் கூடி, ஓட்டு எடுத்து முடிவு செய்தது. எங்கள் மேஜைக்கு முன்னால் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது, நோட்டீஸில் இல்லாத ஒரு காரணத்தைச் சொல்லி ஒரு அணியை நீக்கினால், அடுத்த தடவை யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் பக்கம்தான் விதி சாயும். அச்சடித்த விதியை ஆட்டம் நடக்கிறபோது மாற்றக் கூடாது. அதே சமயம், விதிப்படி செல்லும் என்று சொல்வதும் செய்தது நியாயம் என்று சொல்வதும் ஒன்று இல்லை. கமிட்டித் தலைவர் மைக்கில் சொன்னதும் அதுதான்: முடிவு செல்லும், ஆனால் இது நல்ல காரியம் இல்லை. நீல அணிப் பசங்கள் தலை குனிந்து கேட்டார்கள். அந்த ஒரு அறிவிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அன்று கைகலப்பு ஆகியிருக்கும்.

அடுத்த வருஷ நோட்டீஸ் எழுதும்போது என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். டோர்னமெண்ட் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று நாங்கள் மாற்றியதை அப்படியே சொல்கிறேன்.

முக்கியமான மாற்றம் வாக் ஓவர் விதியில். சர்வதேசப் போட்டிகளில் ஐ.சி.சி. வைத்திருக்கிற முறை இதற்கு ரொம்பப் பொருத்தம்: ஆட்டத்தை விட்டுக் கொடுக்கிற அணி தன் முழு ஓவரையும் ஆடியதாக வைத்து அதன் ரன் ரேட்டில் சேர்ப்பார்கள், எதிரணியின் ரன் ரேட் மாறாது. அதாவது வராத அணிக்கு 8 ஓவரில் 0 ரன். வந்து காத்திருந்த அணிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பாதியில் விட்டுப் போவதற்கு நாங்கள் தனியாக ஒரு வரி சேர்த்தோம்: பேட்டிங் செய்யும்போது விட்டுக் கொடுத்தால் அந்த ஸ்கோரில் ஆல் அவுட் என்று கணக்கு. நீல அணிக்கு இந்த விதி இருந்திருந்தால் 27-க்கு ஆல் அவுட், மொத்தம் 185 எடுத்து 230 கொடுத்ததாக ஆகியிருக்கும், ரன் ரேட் கழித்தல் 1.88. விட்டுக் கொடுப்பதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லாமல் போய்விடும். ஃபீல்டிங் செய்யும்போது விட்டுப் போனால் என்ன செய்வது என்று ரொம்ப நேரம் பேசினோம், கடைசியில் அப்போதும் அவர்களுடைய பேட்டிங் 8 ஓவரில் 0 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதுவரை அவர்கள் கொடுத்த ரன்னும் கணக்கில் சேரும். இரண்டாவது இன்னிங்ஸில் ஃபீல்டிங்கை விட்டுப் போகிற அணி ஏற்கெனவே பேட்டிங் முடித்திருக்கும், அங்கே மட்டும் எதிரணி இலக்கை எட்டிவிட்டதாக எழுதிக்கொள்வோம்.

காயம்பட்டோ, அவசரமாக யாராவது ஊருக்குப் போக வேண்டியிருந்தோ ஆள் குறைந்தால் அதற்கும் இதே கணக்குத்தானா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காரணத்தைப் பார்த்துக் கணக்கை மாற்ற ஆரம்பித்தால் எல்லோருக்கும் கால் சுளுக்கு வந்துவிடும். ஏழு பேர் இருந்தாலும் ஆடலாம், ஆறு விக்கெட் விழுந்தால் ஆல் அவுட் என்று அதைத் தனி விதியாக வைத்துவிட்டோம்.

இன்னொரு மாற்றம் பொதுவான ஒரு வரி: ஜெயிப்பதற்கு முயற்சி செய்யாமல் ஆடுகிற அணியைக் கமிட்டி நீக்கலாம். இதை எழுத எனக்கு முதலில் தயக்கம், கமிட்டி கையில் அதிக அதிகாரம் போய்விடுமே என்று. ஆனால் எல்லா ஓட்டையையும் முன்கூட்டியே பார்த்து அடைக்க யாராலும் முடியாது என்பதற்கு 2012 லண்டன் ஒலிம்பிக் பேட்மிண்டன் சாட்சி. அங்கே பெண்கள் இரட்டையரில் முதல் முறையாக லீக் சுற்று வைத்தார்கள். முதல் தர வரிசையில் இருந்த சீன ஜோடி, லீக்கில் முதலிடம் வந்தால் இன்னொரு சீன ஜோடியை இறுதி ஆட்டத்துக்கு முன்பே சந்திக்க வேண்டியிருக்கும் என்பதால் தோற்கப் பார்த்தது, எதிரே இருந்த கொரிய ஜோடியும் தோற்கப் பார்த்தது. சர்வீஸை வேண்டுமென்றே நெட்டில் அடித்தார்கள். முதல் கேமில் நான்கு அடிக்கு மேல் ஒரு ராலிகூடப் போகவில்லை. அன்றே இன்னொரு ஆட்டத்தில் வேறொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதையே செய்தார்கள். மறுநாள் நான்கு ஜோடிகளையும் நீக்கினார்கள், ஜெயிக்க முழு முயற்சி செய்ய வேண்டும் என்று வீரர்களுக்கான நடத்தை விதியில் ஏற்கெனவே இருந்த வரியை வைத்து. அந்த வரி இல்லாவிட்டால் அவர்களைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் அதோடு நிற்காமல் 2016-க்குப் போட்டி அமைப்பையும் மாற்றினார்கள், லீக்கில் இரண்டாமிடம் வந்தவர்களுக்குத் தனியாகக் குலுக்கல், அதனால் யாரோடு மோதப் போகிறோம் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாது. எங்கள் அரையிறுதிக்கும் இப்போது குலுக்கல்தான்.

முயற்சி செய்யாமல் ஆடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோற்பதும் தோற்கப் பார்ப்பதும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் ஸ்கோரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ரன் தேவைப்படும்போது ஒரு ஓவர் முழுக்க மெய்டனாக விடுவது, நேராக வருகிற பந்துக்குப் பேட்டையே எடுக்காமல் நிற்பது, விக்கெட் வேண்டிய நேரத்தில் அடுத்தடுத்து பிட்சை விட்டு வெளியே வைடு போடுவது, இவை மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அதோடு, தோற்றால் அந்த அணிக்கு என்ன லாபம் என்று அட்டவணையைப் பார்க்க வேண்டும். லாபமே இல்லாத அணி மோசமாக ஆடினால் அது மோசமான ஆட்டம்தான். லாபம் இருக்கிற அணி அப்படிச் செய்தால் அம்பயர் ஓவர் முடிவில் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு முறை எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் கமிட்டிக்குப் போகும் என்று எழுதியிருக்கிறோம். அம்பயர்கள் பேட்டிங் அணியிலிருந்து வருகிற பழக்கத்தை லீக் ஆட்டங்களில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும், அன்று ஆட்டம் இல்லாத அணியிலிருந்து இரண்டு பேரை நிறுத்தினால் போதும், அவர்களும் வேறு பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

நீல அணி கேப்டன் அடுத்த வருஷமும் வந்தான். நோட்டீஸைப் படித்துவிட்டு என்னிடம், “இது போன வருஷம் இருந்திருந்தா நான் ஆடியிருப்பேன்ணா” என்றான். விதி மாறியதால்தான் ஆடுவேன் என்கிறானே என்று பக்கத்தில் இருந்த ஒருவருக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 22 வயசுப் பையன், பின்னால் பத்துப் பேர் காசு போட்டு வந்திருக்கிறார்கள், உள்ளே போக ஒரு வழி திறந்திருக்கிறது, அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்வதற்கு ரொம்பப் பெரிய மனசு வேண்டும். அந்த மனசு இருக்கிறவனை நான் தலையில் தூக்கி வைப்பேன். எல்லோரிடமும் அதை எதிர்பார்த்து டோர்னமெண்ட் நடத்த முடியாது.

எங்களால் இன்னமும் தீர்க்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணி கடைசி லீக் ஆட்டத்தில் தன் முக்கியமான பவுலரை உட்கார வைத்துவிட்டுப் புதுப் பசங்களை இறக்குகிறது. அதனால் எதிரணி சுலபமாக ஜெயித்து, மூன்றாவது அணி வெளியே போகிறது. இதுவும் களத்தில் இல்லாதவனைத்தான் பாதிக்கிறது. ஆனால் இறங்கிய பதினொரு பேரும் முழு மூச்சாக ஆடுகிறார்கள், வெயிலில் இரண்டு நாள் பந்து போட்டவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதும் உண்மை. நான் இதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், போன தடவை அப்படி வெளியே போன அணியின் கேப்டன் தப்பு என்றுதான் சொன்னான், அவனோடு டீக்கடையில் உட்கார்ந்து வெகு நேரம் பேசியும் ஒத்துவரவில்லை. இப்போதைக்குக் கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில், ஏரியின் இரண்டு பக்கத்தில் இரண்டு பிட்ச் போட்டு நடத்திப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அதற்கு இன்னும் இரண்டு அம்பயரும் ஸ்கோர் எழுத இன்னொரு ஆளும் வேண்டும்.